கெடு தாண்டி நாற்பது நாள்

கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் உள்ள சில சிறு பட்டறைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. தாக்கல், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, சம்பளப் பட்டியல் என்று மாதம் ஓடிவிடும். அவற்றுக்கு நடுவே யாராவது ஒருவர் நான்காக மடித்த தாளோடு வந்து நிற்பார். 2025 ஆகஸ்டில் அப்படி வந்தவர், இரண்டு சி.என்.சி. லேத்தும் நான்கு ஆட்களும் வைத்து மோட்டார் பம்புகளுக்கு ரோட்டர் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர்.

"ஏனுங்ணா, இதக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க. இன்னிக்கே மெயில்ல போட்டறலாமுங்களா?"

அவர் ஷாஃப்ட் அனுப்பும் பம்ப் கம்பெனி பெரியது, பழையது. பணம் தராமல் ஓடிவிடும் பார்ட்டி இல்லை. ஆனால் ஜூன் 10-ஆம் தேதி போட்ட பில்லுக்கு முப்பது நாள் தவணை முடிந்து, அதன்மேல் இன்னும் நாற்பது நாள் ஆகியிருந்தது. இரண்டு முறை போன் செய்திருந்தார். இரண்டாவது முறை "இந்த வாரம் போட்டுடுறோம்" என்று சொன்னார்கள். அந்த வாரமும் போய், அதற்கடுத்த வாரமும் போய்விட்டது.

நாற்பது நாள் என்பது தர்மசங்கடமான இடம். பத்து நாள் தாமதத்துக்குப் போன் போதும், நூறு நாள் ஆனால் வக்கீலிடம் போகலாம். நாற்பதாவது நாளில் உறவு இன்னும் முறியவில்லை, ஆனால் வாய்ப்பேச்சின் காலம் முடிந்துவிட்டது. அடுத்த ஆர்டரும் இதே கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் கடுமையாக எழுத முடியாது. மென்மையாக எழுதினால் கடிதம் ஃபைலுக்குள் போய்த் தூங்கிவிடும்.

அவர் கொண்டுவந்த தாளைப் படித்தேன். தொடக்கம் இப்படி: தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தங்கள் ஆதரவால்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் போட முடியாத நிலை. நடுவில், கிட்டத்தட்ட நான்கு லட்சம் ரூபாய் நிலுவை. முடிவில், மூன்று நாளில் பணம் வராவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்.

ஒரே பக்கத்தில் கும்பிடும் இருக்கிறது, மிரட்டலும் இருக்கிறது. இது அவர் ஒருவருடைய பழக்கமில்லை. பாக்கி கேட்கும்போது நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் முதலில் கூசிக் குறுகுவார்கள், பிறகு அந்தக் கூச்சத்தின் மேலேயே கோபம் வந்து கத்துவார்கள். படிக்கிறவருக்கு இரண்டுமே பயன்படாது. சம்பளம் போட முடியவில்லை என்று எழுதினால், இந்தப் பட்டறை தள்ளாடுகிறது, அடுத்த ஆர்டரை வேறு யாருக்காவது கொடுப்போம் என்று கொள்முதல் பிரிவு நினைக்கும். மூன்று நாள் கெடு வைத்துவிட்டு நான்காம் நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தால், அதற்குப் பிறகு எழுதும் எந்தக் கெடுவையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஆனால் நான் முதலில் நிறுத்தியது நடையில் இல்லை, தொகையில். அந்த 'கிட்டத்தட்ட நான்கு லட்சம்' எங்கிருந்து வந்தது?

லெட்ஜரைத் திறந்து பார்த்தோம். இரண்டு பில்கள் இருந்தன. பில் 118, ஜூன் 10 தேதியிட்டது, 1,600 ஷாஃப்ட், ஒன்று 125 ரூபாய், ஆக இரண்டு லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36,000, மொத்தம் 2,36,000 ரூபாய். பில் 131, ஜூலை 22 தேதியிட்டது, 1,47,500 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 3,83,500. மனசுக்குள் அது நான்கு லட்சமாகிவிட்டது. ஆனால் நாங்கள் உட்கார்ந்து பேசிய நாள் ஆகஸ்ட் 19. முப்பது நாள் தவணைப்படி பில் 131-க்கு 21-ஆம் தேதி வரை நேரம் இருந்தது. அதாவது கெடு தாண்டியது 2,36,000 மட்டும். வர வேண்டிய பணம் வேறு, வந்திருக்க வேண்டிய பணம் வேறு. நான்கு லட்சம் என்று எழுதியிருந்தால் கம்பெனியின் அக்கவுண்டன்ட் தன் கணக்கைப் பார்த்து, 'தொகை பொருந்தவில்லை, சரிபார்க்கிறோம்' என்று ஒரு வரி பதில் போட்டு இன்னொரு மாதத்தைச் சட்டப்படியே எடுத்துக்கொண்டிருப்பார். தவறான தொகையைக் கேட்பது, தாமதப்படுத்த விரும்பும் ஆளுக்கு நாமே நீட்டும் சாக்கு.

இன்னொன்றையும் பார்த்தோம். இந்தப் பில் அவருடைய ஜி.எஸ்.டி. தாக்கலில் ஏறியிருக்கிறதா? ஏறாத பில் வாங்குகிறவரின் கணக்கில் தெரியாது. தெரியாத பில்லுக்குப் பல கம்பெனிகள் பணம் விடுவதில்லை. இங்கே ஏறியிருந்தது. ஜூன் மாதப் பில் என்பதால் அந்த 36,000 ரூபாய் வரியை அவர் ஜூலையிலேயே தன் கையிலிருந்து அரசுக்குக் கட்டிவிட்டார். கம்பெனி அதற்கான வரி வரவையும் எடுத்துக்கொண்டிருக்கும். பணம் வரவில்லை, பணத்தின் வரி மட்டும் போய்விட்டது. அவர் எரிச்சலில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த எரிச்சலைக் கடிதத்தில் எழுத முடியாது.

பிறகு அவரிடம் சொன்னேன்: "இந்தக் கடிதத்த மூணு பேர் படிக்கப் போறாங்கன்னு நெனச்சு எழுதணும்."

முதல் ஆள், அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் பையனோ பெண்ணோ. அவருக்கு நம் மேல் பகையும் இல்லை, பாசமும் இல்லை. அவருக்கு வேண்டியது பில் எண், தேதி, கொள்முதல் ஆணையின் எண், சலான், தொகை, வங்கிக் கணக்கு. இவை ஒரே இடத்தில் இருந்தால் எழுந்துபோய் ஃபைல் எடுக்காமலேயே வேலையை முடித்துவிடுவார்.

இரண்டாவது ஆள், கையெழுத்துப் போடும் மேலாளர் அல்லது முதலாளி. அவருக்கு வேண்டியது ஒரு தேதியும், அந்தத் தேதிக்குள் கொடுத்தால் மரியாதை குறையாது என்ற நிம்மதியும்.

மூன்றாவது ஆள் இன்னும் அந்த அறையிலேயே இல்லை. காரியம் முற்றிப்போனால் ஒரு வருடம் கழித்து இந்தத் தாளைக் கையில் எடுக்கப்போகும் வசதி மன்றத்தின் உறுப்பினர் அவர். அவருக்கு நம் குடும்பக் கதை தேவைப்படாது. எப்போது சரக்கு போனது, யார் வாங்கினார், எப்போது கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதைத்தான் அவர் தேடுவார்.

அந்தக் கணக்கில் நாங்கள் எழுதியது இது. கம்பெனியில் மேலாளரும் முதலாளியும் தமிழர்கள் என்பதால் தமிழிலேயே எழுதினோம்.

பெறுநர்: மேலாளர், கணக்குப் பிரிவு. நகல்: கொள்முதல் பிரிவு.

பொருள்: பில் எண் 118, தேதி 10.06.2025, ரூ.2,36,000. செலுத்த வேண்டிய நாள் 10.07.2025.

வணக்கம்.

தங்கள் கொள்முதல் ஆணை எண் 4471-இன்படி 1,600 ரோட்டர் ஷாஃப்டுகளை 10.06.2025 அன்று அனுப்பினோம். தங்கள் ஸ்டோர்ஸ் அன்றே டெலிவரி சலான் எண் 118-இல் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டது. சரக்கைப் பற்றி இதுவரை எழுத்தில் எந்த ஆட்சேபமும் எங்களுக்கு வரவில்லை.

ஆணையில் ஒப்புக்கொண்ட 30 நாள் தவணை 10.07.2025-இல் முடிந்தது. இன்றோடு 40 நாள் கடந்துவிட்டது. ஜூலை 18, ஆகஸ்ட் 4 தேதிகளில் தொலைபேசியில் நினைவூட்டினோம். அந்த வாரமே தொகையைச் செலுத்துவதாக ஆகஸ்ட் 4 அன்று தங்கள் கணக்குப் பிரிவில் கூறினார்கள். தொகை இன்னும் வந்துசேரவில்லை.

ரூ.2,36,000 முழுவதையும் 29.08.2025 வெள்ளிக்கிழமைக்குள் கீழே உள்ள வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பட்டறை உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன் 15, 16 பிரிவுகளின்படி தாமதமான தொகைக்கு வட்டி சேரும். இன்று வரையிலான வட்டி ரூ.4,411. அசல் முழுவதும் 29-ஆம் தேதிக்குள் வந்துவிட்டால் இந்தப் பில்லுக்கு வட்டி கேட்கமாட்டோம். அதற்குப் பிறகு வட்டியும் சேர்த்தே கோருவோம்.

பில்லை பாஸ் செய்ய எங்களிடமிருந்து ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் 22.08.2025-க்குள் தெரிவியுங்கள், அன்றே அனுப்பிவைக்கிறோம். தொகை எந்தத் தேதியில் வரும் என்பதை ஒரு வரியில் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இணைப்பு: பில், கொள்முதல் ஆணை, கையெழுத்திட்ட சலான், வட்டிக் கணக்கு.

அவ்வளவுதான். ஏ4 தாளில் ஒரு பக்கம். அவர் படித்துவிட்டு, "ரொம்ப சப்புன்னு இருக்குதுங்களே" என்றார். இருக்கட்டும் என்றேன். இந்தக் கடிதத்தில் காரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டியிருந்தது.

'சரக்கைப் பற்றி எழுத்தில் எந்த ஆட்சேபமும் வரவில்லை' என்ற வாக்கியம் சாதுவாகத் தெரியும். ஆனால் இந்தச் சட்டத்தில் சரக்கு இறங்கிய பதினைந்து நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். பாக்கி கேட்டவுடன் 'உங்க ஷாஃப்டுல நூறு பீஸ் சைஸ் வரலை' என்று ஒரு புகார் முளைப்பது தொழிலில் எல்லோரும் பார்த்ததுதான். கையெழுத்திட்ட சலானும் இந்த வாக்கியமும் அதற்கு முன்கூட்டியே போட்ட கதவு. 'குறை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்' என்று மரியாதைக்காகச் சிலர் எழுதுவார்கள். தேவையில்லாத மரியாதை. இல்லாத குறையைத் தேடச் சொல்லி நாமே கூப்பிடுவதுபோல ஆகிவிடும். ஆவணம் ஏதாவது வேண்டுமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி போனில் சொன்னதைக் கடிதத்தில் எழுதியதும் அதே காரணத்துக்காகத்தான். போனில் வந்த வாக்குறுதிக்குச் சாட்சி கிடையாது. அதைத் தேதியோடு எழுதி அனுப்பி, அவர்கள் மறுக்காமல் இருந்தால் அதற்கு ஓரளவு எடை வந்துவிடுகிறது. சொன்னவரின் பெயரை எழுதவில்லை. அந்தப் பையனை மேலாளர் முன்னால் மாட்டிவிட்டால், நாளைக்கு நம் பில்லை அடுக்கில் அடியில் வைக்கப்போகிறவரும் அவர்தான்.

இப்போது வட்டிக்கு வருவோம். அவர் ஆச்சரியப்பட்டது இங்கேதான். "பில்லுல வட்டின்னு நாம எதுவும் போடலையே, எப்புடிக் கேக்க முடியுமுங்?" என்றார். போட வேண்டியதில்லை. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. அந்த ஒப்பந்தமும் நாற்பத்தைந்து நாளைத் தாண்டக் கூடாது. கொள்முதல் ஆணையில் தொண்ணூறு நாள் என்று அச்சிட்டிருந்தாலும் செல்லாது, நாற்பத்தைந்துதான். எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் பதினைந்து நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டுவட்டி. ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் இதை மாற்ற முடியாது என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது.

2025 ஜூன் 6 அன்று வங்கி விகிதம் 5.75 சதவீதமாகக் குறைந்தது. மூன்று மடங்கு என்றால் ஆண்டுக்கு 17.25 சதவீதம். 2,36,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி 3,392 ரூபாய் 50 காசு. அதை அசலோடு சேர்த்து மிச்சமுள்ள ஒன்பது நாளுக்குக் கணக்கிட்டால் 1,018 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,411. இந்தக் கணக்கைத் தனித் தாளில் போட்டுக் கடிதத்தோடு இணைத்தோம். அந்த விகிதம் அவ்வப்போது மாறும், அதனால் வட்டி எழுதும் நாளில் ரிசர்வ் வங்கியின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தொகையாகப் பார்த்தால் அந்தக் கம்பெனிக்கு 4,411 ரூபாய் ஒரு விருந்தினர் சாப்பாட்டுச் செலவு. அதன் பயன் வேறு. வட்டியை எழுத்தில் எண்ணாகப் போட்டு, கெடுவுக்குள் வந்தால் வேண்டாம் என்றும் சொல்லும்போது, கையெழுத்துப் போடும் மேலாளருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. முதலாளி 'இதை ஏன் இப்பவே விடணும்' என்று கேட்டால், 'வட்டி மிச்சமாகுதுங்க' என்று சொல்லலாம். வெறும் கெஞ்சல் அவருக்கு அந்தக் காரணத்தைத் தராது. வட்டியை நிச்சயமாக வாங்கியே தீருவேன் என்று எழுதினாலும் தராது. கொடுத்துவிட்டு விட்டுக்கொடுக்கும் இந்த ஒரு வாக்கியம்தான் கடிதத்தின் அச்சாணி என்று நினைக்கிறேன்.

இந்த உரிமை எல்லோருக்கும் இல்லை. விற்கிறவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருக்க வேண்டும். நடுத்தர நிறுவனங்களுக்குத் தாமத வட்டிப் பிரிவுகள் பொருந்தாது. வாங்கி விற்கும் வணிகர்கள் 2021 முதல் உத்யமில் பதிவு செய்ய முடிகிறது, ஆனால் அது முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் பாக்கிக்காக இந்த 15, 16 பிரிவுகளை மேற்கோள் காட்டினால் எதிரே இருப்பவரின் ஆடிட்டர் சிரித்துவிடுவார். அவர் ஒப்பந்தத்தில் வட்டி பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் நம்ப வேண்டும். பதிவுக்கு முன்னாலேயே நடந்த விற்பனைக்கு இந்தப் பாதுகாப்பு உண்டா என்பதில் வழக்கு வந்தால் சிக்கல்தான். பட்டறை வைத்திருப்பவர் உத்யம் எண்ணை முன்கூட்டியே வாங்கி, ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டுவிடுவது நல்லது. இவருடைய பில்லில் அது இருந்தது. யாரோ ஒரு ஆடிட்டர் என்றைக்கோ சொல்லிப் போடவைத்திருக்கிறார்.

"இன்னும் ரெண்டு சட்டம் இருக்குன்னு வாட்ஸப்புல வந்துச்சுங்ணா, அதையும் போட்டறலாமே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் இரண்டும் அன்றைக்குக் கடிக்காத நாய்கள்.

ஒன்று, வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவு. குறு, சிறு நிறுவனத்துக்கு அந்த 15-ஆம் பிரிவின் கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அந்தச் செலவை வாங்கியவர் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். பெரிய அம்புதான். ஆனால் ஜூனில் போன பில்லுக்கு ஆகஸ்டிலோ டிசம்பரிலோ பணம் கொடுத்தாலும், அந்த நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் வாங்கியவருக்கு நட்டம் எதுவும் இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் இதற்குப் பல் முளைக்கும். இன்னொன்று, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் எடுத்த ஜி.எஸ்.டி. வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதி. ஜூன் 10-லிருந்து எண்ணினால் அந்த நாள் டிசம்பர் 7. ஆகஸ்டில் இதை எழுதினால் 'இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே' என்று நாமே நினைவூட்டியதாக ஆகும். எதிரே இருப்பவருக்குத் தெரியாது என்று நினைத்து நான்கு சட்டங்களை அடுக்கினால், அவருக்குத் தெரிந்த ஒன்றில் நாம் தவறு செய்ததும் மற்ற மூன்றும் செல்லாக்காசாகிவிடும்.

கெடுத் தேதிக்கும் கொஞ்சம் யோசித்தோம். 'ஒரு வாரத்தில்' என்று எழுதியிருந்தால் ஆகஸ்ட் 26 அல்லது 27. 27 விநாயகர் சதுர்த்தி, விடுமுறை. தவிர, அந்தக் கம்பெனியில் பேமெண்ட் வெள்ளிக்கிழமைதான் போடுவார்கள் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அவர்கள் பணம் விடும் நாளுக்கு ஒத்துப்போகாத கெடு, கொடுக்க நினைப்பவரையும் தவறவைக்கும். அதனால் 29, வெள்ளி. நாளும் கிழமையும் சேர்த்து எழுதினோம். 'விரைவில்', 'உடனடியாக', 'இயன்றவரை சீக்கிரம்' என்பவை காலண்டரில் இல்லாத நாட்கள்.

கடைசி வரியில் எழுத்தில் பதில் கேட்டதற்கும் காரணம் உண்டு. பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் காலவரம்பு, பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து. அந்த மூன்று ஆண்டுக்குள் கடன்பட்டவர் 'ஆமாம், இவ்வளவு தர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், 1963-இன் காலவரம்புச் சட்டப்படி அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். நாற்பது நாளில் அதெல்லாம் தேவைப்படாது. ஆனால் 'செப்டம்பர் முதல் வாரம் போடுகிறோம்' என்று ஒரு வரி பதில் வந்தாலே, பில்லையும் தொகையையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. அப்புறம் சைஸ் வரவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

அவர் சேர்க்கச் சொன்ன ஒன்றை நான் பிடிவாதமாக வேண்டாம் என்றேன். அடுத்த லாட்டை நிறுத்திவைப்போம் என்ற வாக்கியம். பட்டறைக்காரரின் கையில் உண்மையான ஆயுதம் அதுதான், சட்டத்தைவிட வேகமாக வேலை செய்யும். ஆனால் கொள்முதல் ஆணையில் அப்படி நிறுத்த இடம் இல்லாமல் நிறுத்தினால், 'சப்ளை தவறியதால் எங்கள் லைன் நின்றது' என்று அவர்கள் எதிர்க்கணக்கு எழுதத் தொடங்குவார்கள். நிறுத்த வேண்டியிருந்தால் அதைக் கடிதத்தில் பயமுறுத்தலாக எழுதாமல், முதலில் ஆணையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். அவருடைய ஆணையில் அதற்கு இடம் இல்லை.

கடிதத்தை அவருடைய லெட்டர் பேடில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து கணக்குப் பிரிவுக்கும் கொள்முதலுக்கும் மெயிலில் அனுப்பினோம். அசலைத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். முதலாளிக்கு நேராக அனுப்பவில்லை. அந்தப் படியைத் தாண்ட இன்னும் நேரம் இருந்தது. வாட்ஸப்பில் 'மெயில் போட்டிருக்கோம், பார்த்துக்கங்க' என்று மட்டும்.

29-ஆம் தேதி ஒன்றும் வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் அன்றே பேசிவைத்துவிட்டோம். அடுத்த கடிதம் முதலாளி பெயருக்கு, வட்டியோடு. அதற்கும் பதில் இல்லையென்றால் குறு, சிறு நிறுவன வசதி மன்றம். தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று நான்கு மண்டலங்களில் அது இருக்கிறது. மனுவை இணையத்தில் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமென்றால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும். அங்கே போன பிறகு அந்தக் கம்பெனியிடமிருந்து அடுத்த ஆர்டரை எதிர்பார்க்க முடியாது என்பது சட்டத்தில் எழுதாத பிரிவு.

அந்த அளவுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை மதியமே, 21-ஆம் தேதி, கணக்குப் பிரிவிலிருந்து அவருக்குப் போன் வந்தது. "சார், உங்க மெயில்ல சலான் இணைச்சிருக்கீங்களே, அத வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம். ஸ்டோர்ஸ்ல சரக்கு வரவு போடும்போது 118-ன்னு போடாம 113-ன்னு அடிச்சுட்டாங்க. பில்லோட சேராம அப்பிடியே நின்னுருச்சு."

எழுபது நாளாக ஒரு எட்டும் மூன்றும் இடம் மாறிக் கிடந்திருக்கின்றன. ஆகஸ்ட் 4-ஆம் தேதி 'இந்த வாரம் போட்டுடுறோம்' என்று சொன்னவருக்கு அது தெரியாது, தேடிப் பார்க்காமலே சொல்லியிருக்கிறார். இவருக்கோ வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்றுதான் தோன்றியிருந்தது. அவருடைய முதல் வரைவு போயிருந்தால் அதில் சலான் எண்ணே கிடையாது. யாரும் 113-ஐத் தேடியிருக்கமாட்டார்கள்.

பணம் 29-ஆம் தேதி சாயங்காலம் ஏறியது, சரியாக 2,36,000. கம்பெனியிலிருந்து மெயிலில் ஒரு வரி வந்தது, பில் எண்ணும் தொகையும் குறிப்பிட்டு. அதையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து ஃபைலில் வைக்கச் சொன்னேன்.

"ஏனுங்ணா, 131-க்கும் கெடு தாண்டி எட்டு நாள் ஆச்சு. அதுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிறலாமுங்களா?"

"அதுக்கு இப்ப கடிதம் வேண்டாமுங்க. சலானோட ஒரு நகல எடுத்துட்டு ஸ்டோர்ஸுக்கே ஒரு நடை போயிட்டு வாங்க. என்ன நம்பர்ல ஏத்தியிருக்காங்கன்னு மொதல்ல பாருங்க."